லிசாஜூ உருவம் முரண்டு பிடித்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சென்னையில் ஒரு கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் சி.ஆர்.ஓ. மேசைப் பக்கம் என் பொறுப்பு. அலைகளைத் திரையில் காட்டும் அந்தக் கருவியில் ஒரு சைன் அலையை X-க்கும் இன்னொன்றை Y-க்கும் கொடுத்தால் வருகிற வளைவுதான் லிசாஜூ உருவம்; அதை வைத்து இரண்டின் அதிர்வெண் விகிதத்தையும் கட்ட வேறுபாட்டையும் அளப்போம். செய்முறைத் தேர்வு நெருங்க நெருங்க ஒரே புகார்கள்தான் திரும்பத் திரும்ப வரும். "சார், படம் நிக்கவே மாட்டேங்குது." "சார், நீள்வட்டம் வரல, கோடுதான் வருது." "சார், கோணம் 32 வரணும், எனக்கு 25 வருது." கருவி கெட்டுப்போய் வருகிற புகார் அபூர்வம். பெரும்பாலும் ஒரு பொத்தான், ஒரு கறுப்பு கிளிப், இல்லையென்றால் அளக்கிற விதம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில்.

எல்லா இடத்திலும் X-க்கு CH1, Y-க்கு CH2 என்று வைத்துக்கொள்கிறேன். சில கருவிகளில் இது தலைகீழாக இருக்கும். முன் பலகையில் CH1 பக்கத்தில் X என்று அச்சிட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை

ஒரே சிக்னலை இரண்டு சேனலுக்கும் கொடுங்கள். ஃபங்ஷன் ஜெனரேட்டரில் ஒரு T இணைப்பான் போட்டு, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஒரே மாதிரியான இரண்டு கேபிள்களில் CH1-க்கும் CH2-க்கும் அனுப்பி, X-Y பொத்தானை அழுத்துங்கள். இரண்டு சேனலிலும் VOLTS/DIV ஒன்றாக இருந்தால், வலப்பக்கம் மேலேறும் 45 பாகைக் கோடு ஒன்று வர வேண்டும்.

மெல்லிய கோடு வந்தால் கருவி, கேபிள், அமைப்பு எல்லாம் நன்றாக இருக்கின்றன; கோளாறு உங்கள் சுற்றில். கோடு வருகிறது, ஆனால் 45 பாகை இல்லை என்றால் VOLTS/DIV வேறுபடுகிறது, அல்லது நடுவில் உள்ள VAR குமிழ் ஒன்றில் CAL நிலையை விட்டு நகர்ந்திருக்கிறது. கட்ட வேறுபாட்டை அளக்க இது தடையே இல்லை. கோடு இடப்பக்கம் சாய்ந்தால் CH2 INV பொத்தான் உள்ளே போயிருக்கிறது, வெளியே எடுங்கள். கோட்டுக்குப் பதில் ஒல்லியான நீள்வட்டம் வந்தால், "கோணம் தவறாக வருகிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் சுற்றைப் பிரித்து மாட்டுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டு ஒரு மணி நேரம் போகும்.

## அறிகுறி 1: உருவமே இல்லை, புள்ளி அல்லது ஒற்றைக் கோடு

### நடுவில் ஒரே ஒரு புள்ளி

முதலில் INTENSITY-யைக் குறையுங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம். பழைய படக்குழாய்த் திரையில் பிரகாசமான புள்ளி அசையாமல் நின்றால் அந்த இடத்தில் பாஸ்பர் கருகிவிடும். எங்கள் கருவிகளில் ஒன்றில் திரைக்கு நடுவே மறு மாதிரி ஒரு பழுப்புப் பொட்டு இருக்கிறது; இனி அது போகாது.

புள்ளி என்றால் இரண்டு சேனலுக்கும் எதுவும் வரவில்லை. ஜெனரேட்டரின் வீச்சுக் குமிழ் சுழியத்தில் இருக்கலாம், அல்லது இரண்டு சேனலின் AC-GND-DC சுவிட்சும் GND-யில் இருக்கலாம். கோடுகளை நடுவில் நிறுத்த GND-க்குத் தள்ளிவிட்டு, திரும்ப எடுக்க மறப்பது வாடிக்கை.

### படுக்கைக் கோடு அல்லது செங்குத்துக் கோடு

படுக்கைக் கோடு என்றால் Y வரவில்லை, செங்குத்துக் கோடு என்றால் X வரவில்லை. அந்தச் சேனலின் GND சுவிட்சைப் பாருங்கள். பிறகு இரண்டு கேபிள்களையும் இரு முனையிலும் கழற்றி இடம் மாற்றிப் போடுங்கள். படுத்த கோடு நிமிர்ந்தால் கோளாறு கேபிளில். அப்படியே படுத்திருந்தால் சேனலில் அல்லது சுற்றில். கடற்காற்றில் முதலை கிளிப்புகள் பச்சை பூத்து, ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்து, வெளியே உறை மட்டும் முழுசாக இருக்கும். இழுத்துப் பார்த்தால் கையோடு வரும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதிதாக ஒன்று வாங்கிவிடுவது, பழையதைச் சாலிடர் செய்துகொண்டே இருப்பதைவிட நல்லது.

கேபிள் நல்லது, சேனலும் நல்லது, ஆனாலும் படுக்கைக் கோடு என்றால் கறுப்பு கிளிப்பைப் பாருங்கள். சி.ஆர்.ஓ.வின் இரண்டு கறுப்பு கிளிப்பும் உள்ளே ஒன்றாக இணைந்து கருவியின் உடலுக்கும் எர்த்துக்கும் போகின்றன. மின்தடையும் மின்தேக்கியும் தொடராக இருக்கும் சுற்றில், CH2-வின் கிளிப்புகளை மாற்றி, கறுப்பை இரண்டுக்கும் நடுவிலும் சிவப்பைத் தரைப்பக்கமும் மாட்டினால் தரைப்பக்கம் இருக்கும் மின்தேக்கி குறுக்கிணைந்துவிடும். Y சுழியம், படுக்கைக் கோடு. மல்டிமீட்டரில் பழகிய கைக்கு இது புரியவே புரியாது. மீட்டரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், சி.ஆர்.ஓ.வை வைக்க முடியாது. மின்தடைக்குக் குறுக்கே அளக்க வேண்டுமென்றால் மின்தடையையும் மின்தேக்கியையும் இடம் மாற்றுங்கள். கறுப்பு கிளிப் இரண்டும் எப்போதும் ஜெனரேட்டரின் கறுப்பு முனையிலேயே இருக்கட்டும்.

### நீள்வட்டம் வர வேண்டிய இடத்தில் சாய்ந்த கோடு

இரண்டு சேனலுக்கும் சிக்னல் வருகிறது, ஆனால் இடையில் கட்ட வேறுபாடு இல்லை. இரண்டு சிவப்பு கிளிப்பும் ஒரே முனையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மின்தேக்கியின் ஒரு கால் பிரட்போர்டில் சரியாக உட்காராமல் இருக்கும். அது சுற்றில் இல்லாவிட்டால் உள்ளே போன சிக்னல் அப்படியே வெளியே வரும்.

## அறிகுறி 2: உருவம் சுழன்றுகொண்டே இருக்கிறது

அதிர்வெண் விகிதம் முழு எண்களின் விகிதத்துக்கு அருகில் இருக்கிறது, ஆனால் சரியாக அதுவே இல்லை. எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அந்தச் சுழற்சியே சொல்லிவிடும். அதனால் இதைக் கோளாறாக நினைத்து உடனே குமிழைத் திருகாதீர்கள். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

1:1-இல் வலப்பக்கம் சாய்ந்த கோடு, நீள்வட்டமாக விரிந்து, இடப்பக்கம் சாய்ந்த கோடாகி, மறுபடி அதே வலப்பக்கக் கோடாகத் திரும்புகிற நேரம் T என்றால், இரு அதிர்வெண்களின் வித்தியாசம் 1/T. 5 வினாடி ஆனால் வித்தியாசம் 0.2 ஹெர்ட்ஸ். வட்டத்தை வைத்து எண்ணாதீர்கள். ஒரு சுற்றில் அது இரண்டு முறை வரும், விடை இரட்டிப்பாகப் போகும்.

### ஒரு பக்கம் வீட்டு மின்சாரம்

பழைய பாணிச் சோதனை: 6 வோல்ட் மின்மாற்றியின் வெளிப்பக்கம் X-இல், அளக்க வேண்டிய ஆடியோ ஆசிலேட்டர் Y-இல். இதில் உருவத்தை நிரந்தரமாக நிறுத்தவே முடியாது. மின் கட்டமைப்பின் அதிர்வெண் 50.00-இல் ஆணி அடித்தது போல் நிற்பதில்லை. இந்திய மின் கட்டமைப்பு விதிகள் அதற்குக் கொடுத்திருக்கும் வரம்பே 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தென் கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. அதற்குப் பிறகு சென்னையில் நம் பிளக்கில் வருகிற அதிர்வெண் டெல்லியில் வருவதேதான். அங்கே சுமை ஏறினால் இங்கே நம் திரையில் படம் நகரும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆசிலேட்டர் டயல் 75-க்கு அருகில். திரையில் 3:2 உருவம், மெதுவாக உருள்கிறது. உருளும் வழியில் இரண்டு முறை உருவம் மூடாமல், இரண்டு நுனிகளோடு திறந்த வளைவாக மாறும். ஒரு முறை நுனிகள் வலப்பக்க மூலைகளில் இருக்கும், இன்னொரு முறை இடப்பக்க மூலைகளில். வலப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை நேரம் பாருங்கள். 4 வினாடி என்று வைத்துக்கொள்வோம். அப்போது

```
|2·fy − 3·fx| = 1/T = 0.25
fx = 50 என்றால்  fy = (150 ± 0.25)/2 = 75 ± 0.125 Hz
```

கூட்டலா கழித்தலா என்பதை ஆசிலேட்டரைத் துளி மேலே ஏற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உருளுவது மெதுவானால் fy குறைவாக இருந்தது, ஆகவே 74.875. வேகமானால் 75.125. அந்த நேரத்தில் மின் கட்டமைப்பு 50-இல் இல்லாமல் 49.95-இல் இருந்தால் விடை 0.075 ஹெர்ட்ஸ் கீழே இறங்கும். ஆகவே மூன்றாவது தசமத்தை ரெக்கார்டு நோட்டில் எழுதுவதில் பொருள் இல்லை, 74.9 அல்லது 75.1 என்று எழுதினால் போதும்.

உருளுகிற திசை நீங்கள் குமிழைத் தொடாமலே மாறினால் பதறாதீர்கள். கட்டமைப்பின் அதிர்வெண், ஆசிலேட்டரோடு விகிதம் சரியாக 3:2 ஆகிற இடத்தைக் கடந்து போய்விட்டது, அவ்வளவுதான்.

### இரண்டு பக்கமும் ஜெனரேட்டர்

குமிழ் வைத்த பழைய ஜெனரேட்டர்கள் சூடாகும் வரை அதிர்வெண்ணை நகர்த்திக்கொண்டே இருக்கும். போட்டவுடன் உருவத்தை நிறுத்தப் போராட வேண்டாம். கால் மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் FINE குமிழைத் தொடுங்கள். ஏப்ரல், மே மதியங்களில் மின்விசிறிக் காற்று நேராகக் கருவி மேல் படுகிற மேசையில் உருவம் அதிகம் அலையும். மேசையை மாற்றினால் தீர்ந்துவிடும்.

இலக்கத் திரை வைத்த ஜெனரேட்டர் இரண்டிலும் 1000.00 என்றே காட்டும், ஆனால் உருவம் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தனிப் படிகம் இருக்கிறது, இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. 50 வினாடிக்கு ஒரு சுற்று என்றால் வித்தியாசம் 0.02 ஹெர்ட்ஸ், அதாவது லட்சத்தில் இரண்டு பங்கு. அதைக் கோளாறென்று சொல்ல முடியாது. நின்றே ஆக வேண்டுமென்றால் ஒரே பெட்டியில் இரண்டு வெளியீடு உள்ள ஜெனரேட்டரைப் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் ஒரே படிகம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தனித்தனி ஜெனரேட்டர் இரண்டுக்கு இடையே கட்ட வேறுபாடு என்ன என்று சில ரெக்கார்டு நோட்டுகளில் எழுதியிருக்கிறார்கள். உருவம் ஊர்கிறது என்றாலே அந்தக் கோணம் நொடிக்கு நொடி மாறுகிறது என்றுதான் பொருள். அளக்கத் தகுந்த கட்ட வேறுபாடு, ஒரே மூலத்திலிருந்து ஒரு சுற்றுக்குள் போய் வந்த சிக்னலுக்குத்தான் உண்டு.

## அறிகுறி 3: விகிதம் தலைகீழாக வருகிறது, அல்லது எண்ணவே முடியவில்லை

### தலைகீழ்

உருவத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பை எத்தனை இடத்தில் தொடுகிறதோ அது fy-க்கு, பக்க விளிம்பை எத்தனை இடத்தில் தொடுகிறதோ அது fx-க்கு.

```
fy : fx = மேல் விளிம்பில் தொடும் இடங்கள் : பக்க விளிம்பில் தொடும் இடங்கள்
```

மாணவர்கள் "மேல் விளிம்பு படுக்கையாக இருக்கிறது, அதனால் X" என்று போட்டுவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் எட்டை நினைவில் வையுங்கள். எட்டு படுத்திருந்தால் மேலே இரண்டு தொடுகை, பக்கத்தில் ஒன்று: Y இரண்டு மடங்கு வேகம். எட்டு நிமிர்ந்து நின்றால் X இரண்டு மடங்கு. அப்படியும் குழப்பமென்றால் Y ஜெனரேட்டரின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குங்கள். எந்த விளிம்பில் தொடுகை கூடுகிறதோ அதுதான் Y-யின் எண்ணிக்கை.

### உருவம் மூடவில்லை, நுனிகள் தெரிகின்றன

2:1-இல் எட்டுக்குப் பதில் ஒரு பரவளையம் வரும். வளைவு தன் மேலேயே திரும்பி ஓடுகிறது, அதனால் பாதித் தொடுகைகள் மறைந்திருக்கின்றன. கவிழ்ந்த பரவளையத்தில் மேல் விளிம்பில் ஒரு தொடுகை, வலப்பக்க விளிம்பில் ஒரு நுனி. அப்படியே எண்ணினால் 1:1 என்று வந்துவிடும். நுனி ஒவ்வொன்றையும் அரை என்று எண்ணுங்கள். 1-க்கு ½, அதாவது 2:1. மேலே சொன்ன 3:2 திறந்த வளைவிலும் இதே கணக்கு: மேலே ஒரு முழுத் தொடுகையும் ஒரு நுனியும், ஒன்றரை, பக்கத்தில் இரண்டு நுனிகள், ஒன்று.

அரைக் கணக்கு பிடிக்காதவர்கள் FINE குமிழை ஒரு மயிரிழை நகர்த்தி, உருவம் விரிந்து மூடிய வளைவாகும்போது எண்ணலாம். நான் சொல்லித் தருவது அதைத்தான். தேர்வுப் பதற்றத்தில் அரை, ஒன்று என்று கூட்டுவதில் கை தவறும்.

### கோடுகள் குவிந்து வலை போல இருக்கிறது

7:5, 9:8 போன்ற விகிதங்களை மனிதக் கண்ணால் எண்ணப் பார்க்காதீர்கள். தெரிந்த அதிர்வெண்ணை மாற்றி 1:1, 2:1, 3:2-க்குள் ஏதாவது ஒன்றுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

## அறிகுறி 4: கோணம் தவறாக வருகிறது

மேசைக்கு என்னை அதிகம் கூப்பிடுவது இதற்காகத்தான். அதனால் ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு முழுதாகப் போவோம். 1 கிலோஓம் மின்தடை, தரைப்பக்கம் 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி, 1 கிலோஹெர்ட்ஸ். உள்ளே போகிற மின்னழுத்தம் X-க்கு, மின்தேக்கியின் மின்னழுத்தம் Y-க்கு. கணக்குப்படி:

```
tan φ = 2πfRC = 0.628,   φ ≈ 32°
sin φ = B/A
A = நீள்வட்டத்தின் முழு உயரம்
B = நடுச் செங்குத்துக் கோட்டை நீள்வட்டம் வெட்டும் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட உயரம்
```

முழு உயரம் 6 டிவிஷன் வரும்படி Y-யை VAR குமிழால் நீட்டிக்கொண்டால், B சுமார் 3.2 டிவிஷன் இருக்க வேண்டும். 3.2/6 = 0.533, கோணம் 32 பாகை.

### 32-க்குப் பதில் 25 அல்லது 39

பாதியை அளந்திருப்பீர்கள். நடுக் குறுக்குக்கோட்டிலிருந்து மேல் வெட்டுப்புள்ளி வரை ஒரு உயரம், உச்சி வரை ஒரு உயரம், இரண்டையும் வகுத்தால் விடை என்று சில வழிகாட்டி நோட்டுகளில் இருக்கிறது. நீள்வட்டம் துல்லியமாக நடுவில் இருந்தால் அது சரி. இருக்காது.

எவ்வளவு கெடும் என்று பாருங்கள். அகலம் 8 டிவிஷன் உள்ள நீள்வட்டம் வலப்பக்கமாக அரை டிவிஷன் தள்ளியிருக்கிறது. மேல் வெட்டுப்புள்ளி 1.6-இல் இருப்பதற்குப் பதில் சுமார் 1.27-க்கு இறங்கிவிடும். 1.27/3, கோணம் 25 பாகை. இடப்பக்கம் தள்ளியிருந்தால் 1.9-க்கு ஏறி 39 பாகை. அதே படத்தில் மேல் வெட்டிலிருந்து கீழ் வெட்டு வரை முழுசாக அளந்தால் 3.17 டிவிஷன், கோணம் 32-ஐ விட்டு அசையவே இல்லை. மேல் பக்கம் இழந்ததைக் கீழ்ப் பக்கம் கொடுத்துவிடுகிறது.

ஆகவே நடுவில் நிறுத்தப் படாத பாடு படுவதைவிட, முழு உயரத்துக்கு முழு உயரம் அளப்பது நல்லது. நடுவில் நிறுத்தவும் வேண்டுமென்றால் இரண்டு சேனலையும் GND-யில் வைத்து, INTENSITY-யைக் குறைத்துக்கொண்டு, புள்ளியை மையத்துக்குக் கொண்டுவாருங்கள். படத்தைக் கண்ணால் பார்த்து நடுவாக்குவது நம்பத் தகுந்ததில்லை.

### விடை 1 அல்லது 2 பாகை மட்டும் தள்ளி வருகிறது

மின்தேக்கியின் மேல் எழுதியிருக்கும் மதிப்பை நம்புகிறீர்கள். 0.1 மைக்ரோபாரட் என்று எழுதிய சாதாரண மின்தேக்கி 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அந்த 10 சதவீதமே 32-ஐ 29.5-க்கும் 34.6-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கும். மல்டிமீட்டரில் மின்தேக்கி அளக்கும் வசதி இருந்தால் அளந்து, கணக்கை அந்த மதிப்பில் போடுங்கள்.

### குறைந்த அதிர்வெண்ணில் மட்டும் தவறு

50 ஹெர்ட்ஸில் கோணம் பல பாகை தள்ளி வந்து, 1 கிலோஹெர்ட்ஸில் சரியாக வந்தால், AC-GND-DC சுவிட்சுகளைப் பாருங்கள். ஒன்று AC-யிலும் ஒன்று DC-யிலும் இருக்கும். AC நிலையில் உள்ளே ஒரு மின்தேக்கி சேர்கிறது. அதன் வெட்டு அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் என்றால் 50 ஹெர்ட்ஸில் அதுவே 11 பாகையைச் சேர்த்துவிடும். 1 கிலோஹெர்ட்ஸில் அரை பாகைதான். இரண்டையும் DC-யில் வையுங்கள்.

### அதிக அதிர்வெண்ணில் மட்டும் தவறு

முதல் சோதனையை அதே அதிர்வெண்ணில் செய்து பாருங்கள். ஒரே சிக்னலுக்கே கோடு பிளந்து நீள்வட்டமாகிறது என்றால் அது கருவியின் சொந்தக் கட்ட வேறுபாடு. பெட்டி மேல் 20 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பது Y பக்கத்துக்கு. X-Y நிலையில் X பெருக்கி அவ்வளவு வேகம் போகாது. இப்படிப்பட்ட கருவிகளின் கையேட்டில் X-Y என்ற தலைப்பின் கீழ், எந்த அதிர்வெண் வரை 3 பாகைக்குள் இருக்கும் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அது மெகாஹெர்ட்ஸில் இருக்காது, பத்துக் கணக்கான கிலோஹெர்ட்ஸில்தான் இருக்கும். அதற்கு மேல் போக வேண்டியிருந்தால் X-Y-யை விட்டுவிட்டு, இரண்டு அலைகளையும் DUAL நிலையில் ஒன்றாகப் பார்த்து நேர இடைவெளியை அளங்கள்.

### 90-க்குப் பக்கத்தில் விடை குதிக்கிறது

வட்டத்தை நெருங்கும்போது B/A முறை கை கொடுக்காது. 80 பாகையில் B/A 0.985. 6 டிவிஷனில் 90-க்கும் 80-க்கும் வித்தியாசம் 0.1 டிவிஷன்கூட இல்லை. கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, ஏனோ ரெக்கார்டு நோட்டுகளில் வருவதில்லை. VAR குமிழால் அகலத்தையும் உயரத்தையும் சமமாக்குங்கள். இரண்டும் 6 டிவிஷன் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நீள்வட்டத்தின் நெட்டச்சு சரியாக 45 பாகையில் நிற்கும். நெட்டச்சையும் குற்றச்சையும் அளங்கள்.

```
tan(φ/2) = குற்றச்சு / நெட்டச்சு
```

80 பாகையில் இது 0.84, 90-இல் 1. முன்பு ஒன்றரை சதவீதமாக இருந்த வித்தியாசம் இப்போது 16 சதவீதம். திரையின் மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்து மூலைவிட்டக் கோடுகளைப் பென்சிலால் வரைந்துகொண்டால் அளப்பது சுலபம். அகலமும் உயரமும் சமமாக இல்லாவிட்டால் மட்டும் இந்தச் சூத்திரத்தைத் தொடாதீர்கள்.

### இடப்பக்கம் சாய்ந்த நீள்வட்டம்

INV அழுத்தவில்லை, ஆனாலும் இடப்பக்கம் சாய்கிறது என்றால் கோணம் 90-க்கு மேல். கால்குலேட்டர் தருகிற 40 பாகையை 180-இலிருந்து கழித்து 140 என்று எழுதுங்கள்.

### முந்துகிறதா பிந்துகிறதா தெரியவில்லை

நின்ற உருவத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது; +32-க்கும் −32-க்கும் ஒரே படம்தான். சுற்று அனுமதித்தால் அதிர்வெண்ணை 1 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, புள்ளி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். கடிகார முள் திசை என்றால் Y முந்துகிறது, எதிர்த் திசை என்றால் பிந்துகிறது. மேலே சொன்ன மின்தேக்கிச் சுற்றில் 1 ஹெர்ட்ஸில் நீள்வட்டம் கோடாகச் சுருங்கிவிடும், அதனால் அங்கே DUAL நிலைக்குப் போய் எந்த அலை முதலில் உச்சிக்கு வருகிறது என்று பார்ப்பதே வழி.

## அறிகுறி 5: உருவம் வளைவாக இல்லை

நான்கு புள்ளிகள் மட்டும் தெரிந்தால் ஜெனரேட்டர்கள் சதுர அலையில் இருக்கின்றன. வளைவுக்குப் பதில் நேர்க்கோட்டுப் பக்கங்கள் என்றால் முக்கோண அலை. மேலோ கீழோ கத்தியால் வெட்டியது போல் தட்டையாக இருந்தால் வீச்சு அதிகமாகி அலை நசுங்குகிறது, குறையுங்கள். விளிம்பு வெட்டுப்பட்ட உருவத்தில் தொடுகைகளை எண்ணினால் எந்த விகிதமும் வரும்.

டிஜிட்டல் கருவியில் வளைவு துண்டு துண்டாகவோ, புள்ளி மழையாகவோ வந்தால் TIME/DIV-ஐ மாற்றுங்கள். படக்குழாய்க் கருவியில் X-Y நிலையில் அந்தக் குமிழுக்கு வேலை இல்லை. டிஜிட்டலில் அதுதான் மாதிரி எடுக்கும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு அலையிலும் சில முழுச் சுழற்சிகள் திரையில் வரும்படி சாதாரண நிலையில் வைத்துவிட்டு X-Y-க்குப் போங்கள். TIME/DIV-ஐ ஒரு படி மாற்றும்போது விகிதமே வேறாகத் தெரிந்தால் முன்பு பார்த்தது பொய் உருவம். இருக்கிற அதிர்வெண்ணுக்கு மாதிரிகள் போதாமல் வேறொரு அதிர்வெண்ணாக வேடம் போட்டிருக்கிறது.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

X-Y எடுத்துவிட்டுச் சாதாரண நிலையில் பார்க்கும்போது நேர்க்கோடே சாய்ந்திருந்தால் அதற்கு ஆள் வேண்டாம். முன் பலகையில் TRACE ROTATION என்று ஒரு சிறு துளை இருக்கும். திருகாணியை மெதுவாகத் திருப்பினால் நேராகும். மேசையை வேறு திசைக்குத் திருப்பினால் புவியின் காந்தப்புலத்தால் இது திரும்பவும் கொஞ்சம் மாறும்.

ஒரே சிக்னல் சோதனையில், நல்ல கேபிளோடு, இரண்டு சேனலும் DC-யில், 1 கிலோஹெர்ட்ஸிலேயே கோடு நீள்வட்டமாகத் திறந்தால் ஒரு பெருக்கி பழுது. இரண்டு சேனலும் தனித்தனியாக நன்றாக வேலை செய்து, X-Y அழுத்தினால் மட்டும் கிடைமட்ட அசைவு இல்லை என்றால் அந்தப் பொத்தானின் தொடுமுனைகள் போயிருக்கும். பத்துப் பதினைந்து முறை அழுத்தி விட்டுப் பாருங்கள். உயிர் வந்தாலும் தற்காலிகம்தான். உருவம் தானாகச் சுருங்கி விரிந்தாலோ, பிரகாசம் ஏறி இறங்கினாலோ மின்வழங்கியில் கோளாறு. இந்த மூன்றிலும் உறையைக் கழற்றாதீர்கள். படக்குழாயின் பின்னால் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது "படம் சரியில்லை" என்று எழுதாமல், எந்தச் சேனல், எந்த அதிர்வெண், ஒரே சிக்னல் சோதனையில் A எவ்வளவு, B எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி உறையில் ஒட்டி அனுப்புங்கள். திரும்பி வந்ததும் அதே அதிர்வெண்ணில் அதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.